கந்தம்மாள் நெய்க்கு வந்த நோட்டீஸ்

நாமக்கல்லுக்கு மேற்கே பரமத்தி ரோட்டை ஒட்டிய அந்த ஊரில், கந்தம்மாளைப் போல முகம் சுளிக்க இன்னொருத்தி பிறக்கவில்லை. ஈ உட்கார்ந்த வெல்லத்தை மாட்டுக்குப் போட்டுவிடுவாள். மாடு அதைத் தின்றால் மாட்டையும் ஒரு மாதிரிப் பார்ப்பாள். பிறர் வீட்டில் தண்ணீர் குடிக்க நேர்ந்தால் சொம்பின் உள்பக்கத்தைச் சூரியனுக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, "தாகமில்லீங்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒரு சீமந்தத்தில் பரிமாறுகிறவன் சோற்றுக் கரண்டியால் முதுகைச் சொறிந்ததைக் கண்டு எழுந்து வந்தவள், அதன்பிறகு எந்த விசேஷத்திலும் இலை முன் உட்கார்ந்ததில்லை. மொய் எழுதுவாள், மணமக்களை வாழ்த்துவாள், வீட்டுக்கு வந்து தன் கையால் கிண்டிய களியைத் தின்பாள்.

இப்படிப்பட்டவள் நெய் வியாபாரம் செய்தால் சனம் நம்பாமல் என்ன செய்யும்? புருஷன் போனபின் பத்து ஊரிலிருந்து வெண்ணெய் வாங்கி உருக்கி, டின்னில் ஊற்றி மூடியில் ஈயம் வைத்து விற்பதுதான் அவள் பிழைப்பு. வெண்ணெய்க் கலயம் வாசலுக்கு வரும்போதே அவள் மூக்கு எட்டிப் பார்க்கும். "நேத்துத் தயிரு, முந்தாநேத்து மோரு ரெண்டுஞ் சேத்துக் கடஞ்சயா? எடுத்துட்டுப் போ ஆத்தா" என்பாள். கொண்டு வந்தவள் திருதிருவென்று விழிப்பாள். புதன்சந்தையில் கந்தம்மாள் சாக்கை விரித்தால், பேரம் பேசாமல் வாங்கிப் போவார்கள்.

அந்த மூக்குக்குத்தான் ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் வந்தது.

தபால்காரர் சென்றாயன் கையெழுத்துக்குப் பதிலாக ரேகை வாங்கிக்கொண்டு, அவரே படித்தும் காட்டினார். பரமத்திப் பக்கத்து மருதாசலக் கவுண்டர், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய மூன்று டின் நெய்யில் மிருகக் கொழுப்புக் கலந்திருந்ததாம். அதைத் தின்று மாப்பிள்ளை வீட்டார் வாந்தியெடுத்தார்களாம். சம்பந்திகள் முன்னால் தலைகுனிவாம். நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாளைக்குள் விருந்துச் செலவைக் கட்டுவதோடு, புதன்சந்தையில் தண்டோரா போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். தவறினால் கோர்ட்டு.

"கொழுப்பா?" என்றாள் கந்தம்மாள்.

"ஆமாங்கம்மா. மிருகக் கொழுப்புன்னு போட்டிருக்கு."

"என்ன மிருகம்னு போட்டிருக்குதா?"

"அது போடலீங்."

"த்தூ!" என்று வாசலுக்கு வெளியே துப்பிவிட்டு, உடனே அந்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். தான் துப்பியதானாலும் எச்சில் எச்சில்தானே. பிறகு அந்தக் காகிதத்தைக் கையால் தொடாமல் இரண்டு விறகுக் குச்சியால் இடுக்கி எடுத்துப் போய் மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகினாள். செத்த எலியை எடுக்கும்போதும் அப்படித்தான் எடுப்பாள்.

அங்கேயே அது கிடந்தது. இரண்டு புதன்சந்தை போயிற்று. சந்தையில் இரண்டு பேர் டின்னை மோந்து பார்த்துவிட்டு வாங்காமல் நகர்ந்தார்கள். இருபது வருஷத்தில் சந்தையில் அவள் நெய்யை யாரும் மோந்ததில்லை. மூன்றாவது சந்தைக்கு முன்னால் சென்றாயன் வேறு தபாலோடு வந்தவர், "ஏனுங்கம்மா, பதில் போட்டாச்சுங்களா? கெடு முடியப் போவுதே" என்றார்.

"பதிலா? அவன் மூஞ்சிக்கு என்ன பதிலு? சாணியக் கரைச்சு ஊத்தோணும்."

"அதையே ஒரு வக்கீல வெச்சு ஊத்துங்க. சும்மா இருந்தா ஒத்துக்கிட்டீங்கன்னுதான் பேசுவாங்க."

அவளுக்குள் வேறொன்று ஊறிக்கொண்டிருந்தது. ஊராருக்குத் தெரியாதது, கூடப் பிறந்த தம்பி மயில்சாமிக்கும் சொல்லாதது. அந்த மூன்று டின் உருக்கிய வாரம் அவளுக்குச் சளி. சாதாரணச் சளியில்லை, நொச்சித் தழையைக் கொதிக்க வைத்து ஆவி பிடித்தும் திறக்காத சளி. கல்யாணத்துக்கென்று வெண்ணெய் பற்றாமல், பழக்கமில்லாத ஒரு ஊரிலிருந்து தம்பி வாங்கி வந்தான். கலயத்துக்கு மேலே குனிந்து மூச்சை இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. வெண்ணெயும் ஒன்றுதான், வேலிப் படலும் ஒன்றுதான் என்றிருந்தது. நிறம் நன்றாக இருந்தது, முருங்கைத்தழை பொரிந்த பதம் நன்றாக இருந்தது. உருக்கிவிட்டாள்.

மனசு கேட்கவில்லை. கல்யாண வீட்டில் நெய்யைக் குறை சொன்னால், விற்றவர்கள் கேள்வி கேட்காமல் மாற்று டின் கொண்டுபோய் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கும்பிட்டு வருவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். குற்றம் யாருடையது என்று அதில் பேச்சே வராது. கல்யாண வீட்டுக்குத் தரும் மரியாதை, அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் மூன்று டின்னையும் ஒரு தட்டு வெற்றிலையையும் வண்டியில் ஏற்றி, "மருதாசலக் கவுண்டர் ஊட்டுல எறக்கிக் குடுத்துட்டு வா" என்று மயில்சாமியை அனுப்பினாள். அனுப்பிவிட்டு, கொட்டகையிலிருந்து நோட்டீஸைக் குச்சியால் இழுத்து மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்கு பஸ் ஏறினாள்.

வக்கீல் அருணகிரியின் ஆபீஸ் வாசற்படியிலேயே அவளுக்குக் குமட்டியது. படியோரமெல்லாம் வெற்றிலைச் சாறு. உள்ளே கட்டுகளின் மேல் பல்லி எச்சம். வக்கீலோ மூக்குப்பொடிப் பிரியர். ஒரு சிட்டிகை இழுத்தால் மூன்று தும்மல், ஒவ்வொரு தும்மலுக்கும் மேஜையிலிருந்த காகிதம் சிலிர்த்தது. எப்போதோ வெள்ளையாக இருந்த துண்டில் மூக்கைத் துடைத்து, அதே துண்டில் மூக்குக் கண்ணாடியையும் துடைத்து மாட்டிக்கொண்டு, "உட்காரும்மா" என்றார்.

கந்தம்மாள் நாற்காலியைப் பார்த்தாள். "நிக்கறனுங்க."

வக்கீல் நோட்டீஸை வாங்கி முகர்ந்தார். "என்னம்மா இது, சாணி வாசம்?"

"வந்த எடத்து வாசமுங்க."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு முறை படித்தார். "இது எப்ப கைக்கு வந்துச்சு?"

"போன சந்தைக்கு முன்னால சந்தைக்கு மொத நாளுங்க."

வக்கீல் சுவரில் தொங்கிய காலண்டரில் விரலை வைத்து நகர்த்தினார். "நாளையோட கெடு முடியுது. இவ்வளவு நாளா என்ன பண்ணினீங்க?"

"கொட்டாயில செருகி வெச்சிருந்தனுங்க."

"நல்ல எடம்தான். கேளுங்கம்மா. கெடு தாண்டினதும் ஜப்தி வந்துடாது. இது கோர்ட்டு போட்ட கெடு இல்ல, அந்த வக்கீல் போட்ட கெடு. ஆனா நீங்க வாயத் தொறக்கலீன்னா, நாளைக்குக் கோர்ட்டுல, 'நோட்டீஸ் குடுத்தோம், பதில் சொல்ல வக்கில்ல, குத்தம் உள்ளவதான்'னு சொல்லுவாங்க. அந்த வார்த்தைக்கு எடம் குடுக்கக் கூடாது. இன்னிக்கே பதில் போயாகணும். சொல்லுங்க, என்ன எழுதலாம்?"

இதற்காகத்தான் அவள் பஸ்ஸில் வரும்போதே தயாராகி வந்திருந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"எழுதிக்கோங்க. அட மருதாசலம், உங்கப்பன் பொணத்துக்கு நெய்ப்பந்தம் புடிக்க எங்கிட்டத்தான் நெய்யி வாங்குன. அன்னிக்கு இந்தக் கொழுப்பு எங்க போச்சு? கொழுப்பு நெய்யில இல்ல, உம் ஒடம்புல இருக்குது. நீ குடுத்த விருந்துல, கண்ட கையில சோறு போட்டா வாந்தி வராம வேறென்ன வரும்? உன்ற ஊட்டுச் சமையக்கட்டு எங்க ஊட்டு மாட்டுக் கொட்டாய்க்குக் காணுமா…"

சொல்லச் சொல்ல வக்கீலின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. கந்தம்மாளுக்குத் திருப்தி. மூச்சு வாங்க நிறுத்தினாள். "படிங்க பாக்கலாம்."

வக்கீல் படித்தார். "'அய்யா, தங்கள் கட்சிக்காரர் மருதாசலக் கவுண்டர் சார்பில் தாங்கள் அனுப்பிய நோட்டீஸ் என் கட்சிக்காரருக்குக் கிடைத்தது. அதற்கு என் கட்சிக்காரர் சொல்லும் பதில் பின்வருமாறு.'"

"அப்புறம்?"

"அவ்வளவுதான் எழுதியிருக்கேன்."

"நாஞ் சொன்னதெல்லாம்?"

"அத அந்தப் பல்லி கேட்டுக்கிச்சு. அதெல்லாம் காயிதத்துல ஏறினா மானநஷ்டம்னு உங்க மேல இன்னொரு கேஸ். வஞ்சு எழுதினா வக்கீலுக்குத்தாம்மா சந்தோஷம், ரெண்டு பக்கத்து வக்கீலுக்கும். இப்ப நான் கேக்கறேன், நெசத்த மட்டும் சொல்லுங்க. மூணு டின் வித்தது நெசமா?"

"நெசந்தானுங்க."

"அதை ஒத்துக்கலாம். கலப்படம் பண்ணினீங்களா?"

"சாமி! தொட்ட கையே அழுகிப் போவும்."

"அப்ப மறுக்கலாம். டின் எறக்கும்போது அவுங்க ஆளு பாத்தாங்களா?"

"ஒரு டின்னத் தொறந்து பொறங்கையில தேச்சு மோந்து பாத்துட்டு, 'நல்ல நெய்'யின்னு சொல்லித்தான் எறக்குனாங்க."

"ஒரு டின்னுதானே? மூணுன்னு எழுத மாட்டேன், ஒண்ணுன்னே எழுதறேன். அதுக்கப்புறம் நோட்டீஸ் வர்ற வரைக்கும் யாராவது வந்து குறை சொன்னாங்களா?"

"ஒரு ஈ, காக்கா வரலீங்."

பேனா ஓடிற்று. கந்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பொடி வாசத்துக்குப் பொத்திய முந்தானைக்குள்ளிருந்தே, மெதுவாக அது வெளியே வந்தது.

"வக்கீலுங்க. ஒண்ணு சொல்லோணும். அந்த வாரம் எனக்குச் சளி. வெண்ணெய மோந்தேன். வாசமே தெரியல. நாங் கலக்கல, அது சத்தியம். ஆனா வந்த வெண்ணெயே எப்படின்னு… எனக்குத் தெரியாதுங்க. அதத் தப்புன்னு எழுதிப் போட்டறலாங்களா? மனசு அரிக்குது."

வக்கீல் பொடி டப்பாவை மூடினார். அன்று காலையில் முதல் தடவையாகத் தும்மாமல் பேசினார்.

"தெரியாதது தெரியாததுதாம்மா. அதத் தப்புன்னு எழுதினா அதுவும் ஒரு பொய்தான். உங்களுக்கே தெரியாத ஒண்ண உங்க தலையில நீங்களே ஏத்திக்கறீங்க. தெரிஞ்சுக்க வழியிருக்கு. இதப் பாருங்க." எழுதிக்கொண்டே வாசித்தார்: "'தங்கள் கட்சிக்காரர் வசம் மீதமிருக்கும் நெய்யை அப்படியே முத்திரையிட்டு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இரு தரப்பார் முன்னிலையில் அதில் மாதிரி எடுத்து, சென்னையில் சர்க்கார் பரிசோதனைக்கு அனுப்ப என் கட்சிக்காரர் சம்மதிக்கிறார். கலப்படம் என்பதை என் கட்சிக்காரர் முற்றிலும் மறுக்கிறார். அதை நிரூபிக்கும் பொறுப்பு தங்கள் கட்சிக்காரருடையது. மன்னிப்புக் கேட்கவோ நஷ்டம் கட்டவோ முகாந்திரமில்லை. இதை மீறி வியாஜ்யம் தொடுத்தால் அதன் செலவுக்குத் தங்கள் கட்சிக்காரரே பொறுப்பு.' இதுல ஒரு வரி பொய்யிருந்தாச் சொல்லுங்க, அடிச்சிடறேன்."

கந்தம்மாள் மனசுக்குள் வரி வரியாகத் தடவிப் பார்த்தாள். அரிசியில் கல் தேடுகிற மாதிரி. ஒன்றும் இடறவில்லை. ஆனால் உப்பும் இல்லை, காரமும் இல்லை.

"பொய்யில்ல. ஆனா பத்தியச் சோறாட்ட இருக்குதுங்க."

"பத்தியந்தான். இது ரெண்டு பிரதி. ஒண்ணு அந்த வக்கீலுக்கு ரிஜிஸ்தர்ல போகும், நேரா கவுண்டருக்கில்ல. ஒண்ணு நம்மகிட்ட இருக்கும். தபாலாபீஸ் ரசீதும் வர்ற கார்டும் பத்திரம். இனிமே கவுண்டர்கிட்டயோ அவுங்காளுககிட்டயோ இதப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க."

"பேச மாட்டனுங்க. அதுக்குத்தான் பேச்சே இல்லாம மாத்து டின்னு மூணும் வெத்தலையோட வண்டியில ஏத்தி அனுப்பிட்டனே."

வக்கீலின் விரலிடுக்கிலிருந்த பொடி மேஜையில் கொட்டியது. "என்ன அனுப்பினீங்க?"

"மாத்து டின்னுங்க. வழக்கந்தானுங்களே."

"அட, என்னம்மா நீங்க! வழக்கம் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கோர்ட்டுல அந்தக் கவுண்டர் வெத்தலத் தட்டக் காட்டி, 'தப்ப ஒத்துக்கிட்டு மாத்திக் குடுத்தா'ம்பான். நான் இங்க முற்றிலும் மறுக்கிறார்னு எழுதறேன், நீங்க அங்க முழுசா ஒத்துக்கிட்டு டின்னு அனுப்பறீங்க. வண்டி எப்பக் கெளம்புச்சு?"

"விடிய."

"எத்தன மாடு?"

"ஒத்த மாடுங்க. கெழடு."

"ஓடுங்க. இந்தக் காயிதத்த நான் இப்பவே போடறேன். அந்த டின்ன அவன் வாசல்ல எறங்காமப் பாத்துக்கறது உங்க பொறுப்பு."

கந்தம்மாள் ஓடினாள். பரமத்தி பஸ்ஸில் இடமில்லாமல், கோழிக் கூடை ஒன்றுக்கும், குழந்தையை வைத்திருந்த ஒருத்திக்கும் நடுவில் நசுங்கி நின்றாள். கோழி அவள் கால்மேல் எச்சமிட்டது. குழந்தை அவள் தோள்மேல் கக்கியது. வேறொரு நாளாயிருந்தால் பஸ்ஸையே நிறுத்தி இறங்கி ஆற்றில் முழுகியிருப்பாள். இன்று கண்ணை மட்டும் ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு வண்டியையும் பார்த்தாள். கரும்பு வண்டி, சாணி வண்டி, ஜாலகண்டாபுரத்து ஜவுளி மூட்டை ஏற்றிய வண்டி. தம்பி வண்டியைக் காணோம். போய்ச் சேர்ந்தேவிட்டான் போலிருக்கிறது. சந்தையில் தண்டோராக்காரன் அவள் பேரைச் சொல்லிக் கொட்டுவதுகூடக் காதில் கேட்டது.

பரமத்திக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில், பனங்கூட்டத்தின் கீழே அவிழ்த்துவிட்ட மாடு ஒன்று நின்றது. கிழட்டு மாடு. பக்கத்தில் வண்டி, வண்டியில் டின். எதிரே கள்ளுக்கடை.

"நிறுத்துய்யா!" என்று அவள் போட்ட கூச்சலில் கூடையிலிருந்த கோழியே ஒடுங்கியது.

கள்ளுக்கடையைப் பார்க்காமலே வெறுத்தவள் அவள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வீட்டுக் கதவைச் சாத்துபவள். இப்போது அதற்குள்ளேயே நுழைந்தாள். புளித்த நாற்றம், கருவாட்டு நாற்றம், தரையெல்லாம் ஈ. ஒருவன் தன் மீசையில் ஒட்டிய நுரையை நக்கிக்கொண்டிருந்தான். மூலையில் மயில்சாமி, கையில் பனையோலைப் பட்டையில் மூன்றாவது கள்.

"அக்கோவ்!" என்று எழுந்தான். "நீ… இங்க… குடிக்கவா வந்த?"

"டின்னு எறக்கிட்டயாடா?"

"இல்லக்கா. மாடு களைச்சுப் போச்சு. செத்த நேரம் ஆத்திட்டு…"

"மாடு களைச்சா நீ குடிக்கறயா?"

கடையே சிரித்தது. கந்தம்மாள் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. வெறுக்கத்தக்க அந்த இடத்தை, அந்தத் தம்பியை, அந்த ஓலைப் பட்டையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். இருபது வருஷம் அவனைக் குடிகாரன் என்று கரித்துக் கொட்டியிருக்கிறாள். இன்றைக்கு இவன் ஒழுங்காயிருந்திருந்தால் டின் இந்நேரம் கவுண்டர் வீட்டு வாசலில் இருக்கும். அதை நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"குடிச்சு முடி," என்றாள். "வண்டியத் திருப்பு."

ஊருக்குத் திரும்பியதும் முதலில் குளித்தாள், பிறகு டின்களை மேலே சாம்பலிட்டுத் தேய்த்தாள், பிறகு திரும்பக் குளித்தாள்.

பதில் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக, எதிர் வக்கீல் கையெழுத்திட்ட கார்டு வந்தது. அதற்கடுத்த சந்தையில் அவளை எல்லோரும் கிண்டினார்கள். "ஏங் கந்தம்மா, கொழுப்பு கேசு என்னாச்சு?" என்றான் உப்பு விற்கிறவன். அவள் நாக்கு நுனிவரை சாணி, பிணம், பந்தம் எல்லாம் வந்து நின்றன. விழுங்கினாள். "பதில் போயிருக்குது" என்றாள். அடுத்தவன் கேட்டான், "பதில் போயிருக்குது." வெல்ல மண்டிக்காரர் கேட்டார், அதே பதில். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. கந்தம்மாள் வையாமலிருந்தால் காரணமிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் எதிர் வக்கீலின் கடிதம் வந்தது. அருணகிரி அதை வாசித்துக் காட்டினார். மீதி நெய்யை முத்திரையிட்டு வைக்க முடியாதாம். மீதியே இல்லையாம். கல்யாணத்துக்குப் பின் மறுவீட்டு விருந்து, ஆடி விருந்து, குடும்ப உபயோகம் ஆகியவற்றில் மூன்று டின்னும் செலவாகிவிட்டதாம். எனினும் எதிர்த்தரப்பார் ஒரு பெண் என்பதால், கவுண்டர் பெருந்தன்மையோடு மேல்நடவடிக்கையைக் கைவிடுகிறாராம்.

"மிருகக் கொழுப்புன்னு எழுதுனாங்களே?" என்றாள் கந்தம்மாள்.

"எழுதினாங்க."

"அத ஊட்டுல வெச்சு, மருமகனுக்கும் போட்டு, மூணு டின்னையும் வழிச்சு நக்கீட்டாங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"தூத்தேறி!" என்றாள். "கொழுப்புன்னு நெனச்சுத் தின்னாங்களா, நெய்யின்னு தெரிஞ்சே நோட்டீசு உட்டாங்களா? எப்படிப் பாத்தாலும் கொமட்டுதுங்களே!"

வக்கீல் தும்மினார். "அதக் கேட்டு எழுத வேண்டாம். நோட்டீசோட சேத்துக் கட்டி வைங்க."

ஆக, அந்த வெண்ணெய் எப்படியிருந்தது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று. அதைச் சொல்லவேண்டிய நெய் மருதாசலக் கவுண்டர் குடும்பத்து வயிற்றில் போய்விட்டது.

தை பிறந்ததும் ஒரு புதன்சந்தையில், கவுண்டர் சம்சாரம் சௌந்திரம் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கந்தம்மாளின் சாக்கு முன்னால் வந்து குந்தினாள். மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்களாம். சந்தையே ஓரக்கண்ணால் பார்த்தது. உப்பு விற்கிறவன் அளப்பதை நிறுத்திவிட்டான்.

"ரெண்டு படி நெய்யி வேணுங்க" என்றாள் சௌந்திரம், தரையைப் பார்த்துக்கொண்டு. "புள்ள வேற எந்த நெய்யும் ஒத்துக்க மாட்டீங்கறா."

"பொறங்கையில தேச்சுப் பாத்துக்கோங்க" என்றாள் கந்தம்மாள்.

"வேண்டாமுங்க."

"பாத்துக்கோங்க. எல்லாரும் பாக்கறாங்கல்ல."

சௌந்திரம் புறங்கையை நீட்டினாள். கந்தம்மாள் ஒரு சொட்டு வைத்தாள். அவள் தேய்த்து மோந்து, சந்தை கேட்கும்படி, "நல்ல நெய்யிங்க" என்றாள். கந்தம்மாள் எல்லோருக்கும் தரும் விலைக்கே அளந்தாள். படி தலைதட்டியபின், பிள்ளைத்தாய்ச்சிக்கென்று ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள். காசைக் கையில் வாங்காமல் சாக்கில் வைக்கச் சொன்னாள்.

சௌந்திரம் நாலெட்டுப் போனதும், சொம்புத் தண்ணீரை எடுத்துக் காசுமேல் ஊற்றிக் கழுவினாள்.